ரூனாவ் வாங்கிய 20 விமானங்கள்: ஃபார்வர்டு எதைப் பூட்டியது, ஆப்ஷன் எதைத் திறந்து வைத்திருக்கும்

1985 ஜனவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் அமெரிக்காவின் போயிங்கிடம் இருபது 737 விமானங்களை வாங்க ஒப்புக்கொண்டது. விலை 50 கோடி டாலர். பணத்தை உடனே கட்ட வேண்டியதில்லை, ஒரு வருடம் கழித்து, 1986 ஜனவரியில் விமானங்கள் கைக்கு வரும்போது டாலராகவே கட்ட வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளில் ஒரு டாலர் ஏறக்குறைய 3.2 ஜெர்மன் மார்க். அன்றைய கணக்கில் 160 கோடி மார்க். ஆனால் ஒரு வருடம் கழித்து டாலர் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் தலைவலி.

அப்போது லுஃப்தான்சாவின் தலைவர் ஹைன்ஸ் ரூனாவ். அவர் எடுத்த முடிவு இன்றும் வணிகப் பள்ளிகளில் பாடமாக ஓடுகிறது. திருப்பூர்ப் பக்கம் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர்களுக்கு அந்நியச் செலாவணி வேலை பார்த்துக் கொடுக்கிறவன் நான், இந்தக் கணக்கை எத்தனையோ முறை பேப்பரில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஃபார்வர்டுக்கும் ஆப்ஷனுக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிற அளவுக்கு வேறு எதிலும் தெரிவதில்லை. ஒரு காரணம், எண்கள் மனக்கணக்காகப் போடும்படி இருக்கின்றன. இன்னொரு காரணம், ரூனாவ் முட்டாள்தனமாக எதையும் செய்துவிடவில்லை. யோசித்துத்தான் செய்தார், அப்படியும் அடி விழுந்தது.

அவர் முன்னால் இருந்த நிலைமையைப் பார்ப்போம். 1980இலிருந்து டாலர் ஏறிக்கொண்டே வந்திருந்தது. 2 மார்க்குக்கும் கீழே கிடைத்த டாலர் ஐந்தே வருடத்தில் 3.2க்கு வந்துவிட்டது. இது அளவுக்கு மீறிய ஏற்றம், இனி இறங்கத்தான் செய்யும் என்பது ரூனாவின் எண்ணம். அந்த எண்ணம் சரியானால் சும்மா இருப்பதே லாபம், வருடம் கழித்து மலிவாக டாலர் வாங்கிக் கட்டிவிடலாம். ஆனால் இதே பேச்சைப் பலர் 1983லும் 84லும் பேசினார்கள், டாலர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அது 4 மார்க்குக்குப் போனால் விமானங்களின் விலை 160 கோடியிலிருந்து 200 கோடியாகிவிடும். நிறுவனத்தின் பெரும்பங்கு அரசின் கையில் இருந்த காலம் அது. அந்த 40 கோடிக்கு யார் பதில் சொல்வது?

அதனால் பாதிப் பாதி என்று முடிவெடுத்தார். 25 கோடி டாலரை ஒரு வருட ஃபார்வர்டில், அதாவது வருடம் கழித்து இன்ன விலைக்கு வாங்கியே தீருவேன் என்று வங்கியோடு இன்றே போடும் ஒப்பந்தத்தில், 3.2க்குப் பூட்டினார், மீதி 25 கோடியை அப்படியே விட்டார். (உண்மையில் ஒரு வருட ஃபார்வர்டு ரேட் அன்றைய சந்தை விலையிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும், அதற்குப் பிறகு வருகிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 3.2 என்றே வைத்துக்கொள்கிறேன்.)

முதல் ஆறேழு வாரம் அவர் கெட்டிக்காரராகத் தெரிந்தார். பிப்ரவரி கடைசியில் டாலர் 3.45ஐத் தொட்டது. 3.2க்குப் பூட்டிய 25 கோடி டாலரில் காகிதக் கணக்கில் 6 கோடி மார்க்குக்கு மேல் லாபம். அதுதான் உச்சி. அங்கிருந்து டாலர் சரிய ஆரம்பித்தது. செப்டம்பர் 22ஆம் தேதி நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்களும் மத்திய வங்கித் தலைவர்களும் கூடி, டாலரை இறக்குவது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். சரிவு இன்னும் வேகமெடுத்தது. 1986 ஜனவரியில் பணம் கட்டும் நேரத்துக்கு டாலர் 2.3 மார்க் அளவில் நின்றது.

இப்போது பில்லைப் பார்ப்போம். பூட்டிய பாதிக்கு 80 கோடி மார்க், பூட்டாத பாதிக்கு 57.5 கோடி மார்க், மொத்தம் 137.5 கோடி. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் 115 கோடியில் முடிந்திருக்கும். அந்த 22.5 கோடி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ரூனாவை ஜெர்மனியில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தப்பான நேரத்தில் பூட்டினார், பாதி மட்டும் பூட்டியது சூதாட்டம், ஃபார்வர்டுக்குப் பதிலாக ஆப்ஷன் வாங்கியிருக்க வேண்டும் என்று குற்றச்சாட்டுகள் வரிசை கட்டின.

முதல் குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன், அது நடந்து முடிந்த பிறகு சொல்வது. மூன்றாவதுதான் நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் அதற்கு டாலர் 2.3க்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆப்ஷன் என்றால் இங்கே டாலர் கால் ஆப்ஷன். ஒரு வருடம் கழித்து 50 கோடி டாலரை 3.2 மார்க் விலைக்கு வாங்கும் உரிமை. உரிமை மட்டும்தான், வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்த உரிமைக்கு முன்கூட்டியே பிரீமியம் கட்ட வேண்டும். இந்தக் கேஸைப் பாடமாக நடத்துகிறவர்கள் அதை ஏறக்குறைய 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள், அதாவது 160 கோடியில் 9.6 கோடி மார்க். இது திரும்பி வராத பணம். டாலர் 2.3க்கு வந்தால் உரிமையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சந்தையில் 115 கோடிக்கு வாங்கிக்கொள்ளலாம், பிரீமியத்தோடு 124.6 கோடி. ரூனாவ் கட்டியதைவிட 12.9 கோடி குறைவு. முழுசாக ஃபார்வர்டு போட்டிருந்தால் ஆகியிருக்கும் 160 கோடியைவிட 35.4 கோடி குறைவு.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஆப்ஷன்தான் எப்போதும் நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. டாலர் எதிர்ப்பக்கம், 4 மார்க்குக்குப் போயிருந்தால்? சும்மா இருந்தவருக்கு 200 கோடி. பாதி பூட்டியவருக்கு 180 கோடி. முழு ஃபார்வர்டு போட்டவருக்கு அதே 160 கோடி. ஆப்ஷன் வாங்கியவருக்கு 169.6 கோடி. அதாவது எது வந்தாலும் ஃபார்வர்டுக்காரர் 160க்கு மேல் ஒரு மார்க் கட்டமாட்டார், ஆப்ஷன்காரர் 169.6 வரை கட்ட நேரிடும். மோசமான பக்கத்தை அடைப்பதில் ஃபார்வர்டு ஆப்ஷனைவிட இறுக்கமானது, கூடவே இலவசம்.

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். "ஆப்ஷன் நஷ்டத்தைக் கட்டுப்படுத்தும்" என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, அப்படியானால் ஃபார்வர்டு கட்டுப்படுத்தாதா என்று கேட்கிறார்கள். எந்த நஷ்டம் என்று பிரித்துப் பார்த்தால் தெளிந்துவிடும். விமானம் வாங்குவதால் வரும் நஷ்டம் ஒன்று, டாலர் ஏறினால் விலை ஏறும். அதை அடைக்கப் போட்ட ஒப்பந்தத்தால் வரும் நஷ்டம் இன்னொன்று. முதலாவதை இரண்டுமே அடைத்துவிடும். இரண்டாவதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஃபார்வர்டு ஒப்பந்தத்தைத் தனியாக எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள்: டாலர் 2.3க்கு வந்தால் டாலருக்கு 90 பைசா, மன்னிக்கவும், 90 ஃபெனிக் நஷ்டம். 2க்கு வந்தால் 1.2 மார்க் நஷ்டம். 1.5க்கு வந்தால் 1.7 மார்க். டாலர் இறங்க இறங்க அது ஏறிக்கொண்டே போகும். ஆப்ஷனைத் தனியாக எடுத்து வைத்தால், டாலர் எவ்வளவு இறங்கினாலும் நஷ்டம் 19 ஃபெனிக் சொச்சம், கட்டிய பிரீமியம், அதோடு சரி. உரிமையைப் பயன்படுத்தாமல் நடந்து போய்விடலாம் என்பதால்தான் அந்த எல்லை வருகிறது.

விமானம் நிஜமாக வரப்போகிறது, 50 கோடி டாலர் நிஜமாகக் கட்ட வேண்டும் என்கிறபோது ஃபார்வர்டின் நஷ்டம் மலிவு டாலரால் வரும் லாபத்தோடு கழிந்துவிடும். கையிலிருந்து போவது கடைசியில் அதே 3.2தான், ரூனாவே ஒப்புக்கொண்ட விலை. அந்த வகையில் 22.5 கோடி என்பது பையிலிருந்து விழுந்த பணம் இல்லை, கிடைத்திருக்கக்கூடியது கிடைக்காமல் போனது. ரூனாவ்மீது விழுந்த வசவில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதது என்பது என் கருத்து. அவர் 1991 வரை தலைவராகவே இருந்தார்.

அப்படியானால் அவர் ஏன் ஆப்ஷன் வாங்கியிருக்க வேண்டும் என்று நானும் சொல்கிறேன்? அவருக்கு ஒரு கணிப்பு இருந்தது, அது பொய்த்தால் தாங்கும் சக்தி இல்லை, அதனால். டாலர் இறங்கும் என்று நம்புகிறார், ஆனால் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். இந்த இரண்டும் சேர்ந்த மனநிலைக்கென்றே உள்ள சாமான் கால் ஆப்ஷன். பாதி ஃபார்வர்டு அந்த வேலையைச் செய்யாது. அது ஆபத்தைப் பாதியாக்கும், கூடவே நம்பிக்கையின் பலனையும் பாதியாக்கும், ஆனால் மீதிப் பாதிக்கு மேலே எந்தக் கூரையும் கிடையாது. டாலர் 4க்கு இல்லை, 5க்குப் போயிருந்தால் பூட்டாத பாதி மட்டும் 125 கோடி, மொத்தம் 205 கோடி. ஆப்ஷனோ அப்போதும் 169.6 கோடிதான்.

ஆப்ஷன் எப்போது உறைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு டாலருக்கு விழுந்த பிரீமியம் 0.192 மார்க். டாலர் 3.2லேயே நின்றிருந்தால் ஆப்ஷன்காரர் மட்டும் தண்டமாக 9.6 கோடி கட்டியிருப்பார். டாலர் 3.008க்குக் கீழே போனால்தான் ஆப்ஷன் ஃபார்வர்டை ஜெயிக்கும், 3.392க்கு மேலே போனால்தான் சும்மா இருந்தவரை ஜெயிக்கும். இடைப்பட்ட பகுதி முழுக்க இரண்டிடமும் தோற்கும். டாலர் எங்கேயோ பெரிதாக நகரும், எந்தப் பக்கம் என்றுதான் உறுதியில்லை என்கிறவருக்கு ஆப்ஷன் சரி. எங்கும் நகராது என்று நினைப்பவர் எதற்காக 9.6 கோடி கொடுக்க வேண்டும்?

இங்கே ஒருவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. பனியன் கம்பெனி நடத்துகிறவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், காலர் மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஃபார்வர்டுக்குப் பேங்க்ல ஒரு பைசா பிரீமியம் கேக்கறதில்லை. ஆப்ஷனுக்கு மட்டும் முன்னாடியே காசு வைக்கச் சொல்றாங்களே, அது என்னங்க நியாயம்?"

நான் சொன்ன பதில் இது: "அண்ணா, இடம் கிரயம் பேசறோம்னு வச்சுக்கங்க. அக்ரிமெண்ட் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து வச்சுட்டா, ரேட் ஏறினாலும் இறங்கினாலும் அதே விலைக்கு நீங்க வாங்கியே ஆகணும், அவரும் கொடுத்தே ஆகணும். ரெண்டு பேருக்கும் கட்டு. அதுல யாரு யாருக்குக் காசு கொடுக்கறது? ஆனா, ஆறு மாசத்துக்கு இந்த விலைக்கு இடத்தை எனக்காக நிறுத்தி வைங்க, வேண்டாம்னா விட்டுட்டுப் போயிடுவேன்னு நீங்க சொன்னா, அவரு சும்மாவா நிறுத்தி வைப்பாரு? அந்த அட்வான்ஸ்தான் பிரீமியம்." ஒரு வித்தியாசத்தையும் அவரிடம் சொன்னேன்: இடத்து அட்வான்ஸ் வாங்கும்போது விலையில் கழிந்துவிடும், பிரீமியம் உரிமையைப் பயன்படுத்தினாலும் கழியாது.

வங்கியின் பக்கம் போய் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஃபார்வர்டு போட்டதும் வங்கி என்ன செய்யும்? ரூனாவுக்கு ஒரு வருடம் கழித்து 25 கோடி டாலர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே. இன்றைக்கே மார்க்கில் கடன் வாங்கி, டாலராக மாற்றி, ஒரு வருடம் டாலர் வட்டிக்குப் போட்டு வைக்கும். வருட முடிவில் டாலர் தயார், ரூனாவிடமிருந்து வரும் மார்க்கில் கடனும் அடையும். டாலர் எங்கே போனாலும் வங்கிக்குக் கவலையில்லை. அதனால்தான் ஃபார்வர்டு ரேட் என்பது யாருடைய கணிப்பும் இல்லை, இரண்டு நாட்டு வட்டியின் வித்தியாசம் மட்டும்தான். மார்க் வட்டி 6, டாலர் வட்டி 9 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 3.2ஐ 1.06ஆல் பெருக்கி 1.09ஆல் வகுக்க 3.11 வரும், அதுவே ஃபார்வர்டு ரேட். வங்கி தன் சிறு மார்ஜினை வைத்து அந்த ரேட்டைக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

ஆப்ஷன் விற்ற வங்கிக்கு அந்த நிம்மதி கிடையாது. வாடிக்கையாளர் வருவாரா மாட்டாரா என்பது கடைசி நாளில்தான் தெரியும். 50 கோடி டாலரையும் இன்றே வாங்கி வைத்தால், டாலர் விழுந்து அவர் வராமல் போகும்போது அத்தனையும் கையில் தங்கி நஷ்டமாகும். வாங்காமல் இருந்தால், டாலர் ஏறி அவர் வந்து நிற்கும்போது சந்தையில் அதிக விலைக்கு வாங்கி 3.2க்குக் கொடுக்க வேண்டும். ஆகவே ஏறக்குறைய பாதியை வாங்கி வைத்து ஆரம்பித்து, டாலர் ஏறினால் அவர் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று இன்னும் கொஞ்சம் வாங்கும், இறங்கினால் கொஞ்சம் விற்கும். அதாவது ஏறும்போது வாங்கி இறங்கும்போது விற்பது, எந்த வியாபாரியும் செய்ய விரும்பாத வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை கடிக்கும். வருடம் முழுக்க அப்படிக் கடிக்கப் போவதன் உத்தேச மொத்தம்தான் பிரீமியம். சந்தை அதிகம் ஆடினால் பிரீமியம் ஏறுவதும், ஒரு மாத ஆப்ஷனைவிட ஒரு வருட ஆப்ஷன் விலை கூடுவதும் இதனால்தான். வங்கி நம் கணிப்புக்குக் காசு வாங்கவில்லை, நாம் மனம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்துக்கு வாங்குகிறது.

1985இல் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. நாணய ஆப்ஷன்கள் பிலடெல்பியா பங்குச் சந்தையில் வர்த்தகமாகத் தொடங்கியதே 1982 டிசம்பரில்தான். 50 கோடி டாலருக்கு ஒரே ஆப்ஷன் என்பது அன்றைக்குப் பெரிய சரக்கு. ஐரோப்பிய நிறுவனத் தலைவர் ஒருவர் தன் இயக்குநர் குழுவின் முன் போய், "ஒன்பதரைக் கோடி மார்க் கொடுங்கள், அநேகமாக அது வீணாகப் போகும், ஏனென்றால் டாலர் இறங்கும் என்று நானே நம்புகிறேன்" என்று சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். பிரீமியம் செலவாகக் கணக்கில் ஏறும், எல்லார் கண்ணிலும் படும். ஃபார்வர்டின் விலை அப்படிக் கண்ணில் படாது, கை நழுவிய லாபமாக மறைந்திருக்கும். இன்றும் நம் ஊர் முதலாளிகள் ஆப்ஷனைத் தட்டிக் கழிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

லுஃப்தான்சா கேஸில் காட்ட முடியாத ஒன்றை மேலே கேள்வி கேட்ட அந்த அண்ணன் அனுபவித்திருந்தார். ரூனாவின் விமானங்கள் நிச்சயம். பனியன் ஆர்டர் அப்படி இல்லை. ஏற்றுமதியாளர் டாலர் வரவு உள்ளவர், அதை வங்கிக்கு விற்று ரூபாயாக்குகிறவர், ஆகவே அவருக்குப் பயம் ரூபாய் வலுப்பது. 2007இல் அதுதான் நடந்தது, வருடத் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் கடைசியில் 39க்கு அருகே வந்து நின்றது. இன்னும் இறங்கும் என்று ஊரே பேசியது. அவர் 2008 தொடக்கத்தில் 2 லட்சம் டாலரை 40 ரூபாய்க்கு ஃபார்வர்டு போட்டார், வருடக் கடைசியில் டெலிவரி. அப்புறம் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன, டாலர் 49, 50 என்று ஏறியது, அதே காரணத்தால் வெளிநாட்டு பையர் ஆர்டரை 80,000 டாலராக வெட்டிவிட்டார்.

அந்த 80,000 டாலரில் அவருக்குக் கிடைத்தது 40 ரூபாய், சந்தையில் 49. வருத்தம்தான், ஆனால் அது ரூனாவின் வருத்தம் போன்றது, அவர் ஒப்புக்கொண்ட விலைதான் அது. மீதி 1,20,000 டாலர்தான் நிஜ அடி. வங்கிக்குக் கொடுக்க வேண்டிய டாலர் வரவே இல்லை. ஒப்பந்தம் ரத்தாகாது, 49க்குச் சந்தையில் வாங்கி 40க்குக் கொடுப்பதற்குச் சமமான தொகையைக் கட்ட வேண்டும். டாலருக்கு 9 ரூபாய் வீதம் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். எதிரே கழித்துக்கொள்ள எந்த லாபமும் இல்லை, ஏனென்றால் ஏற்றுமதியே நடக்கவில்லை. பாதுகாப்புக்காகப் போட்ட ஒப்பந்தம், பாதுகாக்க வேண்டிய சரக்கு காணாமல் போனதும், தனியாக நிற்கும் பந்தயமாகிவிட்டது. தையல் கூலி கொடுக்க வைத்திருந்த பணத்திலிருந்து அதைக் கட்டினார் என்பது எனக்குத் தெரியும்.

அதே 2 லட்சம் டாலரை 40க்கு விற்கும் புட் ஆப்ஷனை டாலருக்கு ஒரு ரூபாய் பிரீமியத்தில் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்ச ரூபாய் முன்பே போயிருக்கும். டாலர் 49க்கு ஏறியதும் 40க்கு விற்கும் உரிமை வெறும் காகிதம், விட்டுவிடலாம். வந்த 80,000 டாலரைச் சந்தையில் 49க்கு விற்று, பூட்டிய விலையைவிட 7 லட்சத்து 20 ஆயிரம் கூடுதலாக எடுத்திருப்பார். வராத 1,20,000 டாலருக்கு யாருக்கும் ஒன்றும் கட்ட வேண்டாம். ஆப்ஷன் நஷ்டத்துக்கு எல்லை கட்டுகிறது என்பது முழு அர்த்தத்தோடு நிற்பது இங்கேதான், டாலர் வருமா என்பதே சந்தேகமாக இருக்கிற இடத்தில்.

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட மனமில்லை. இந்த எல்லை ஆப்ஷனை வாங்கியவருக்கு மட்டும்தான். பிரீமியம் கொடுக்கத் தயங்குகிறவரிடம் "பிரீமியமே இல்லாத ஆப்ஷன்" என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதில் நீங்கள் ஒரு ஆப்ஷனை வாங்குவீர்கள், அதற்கான காசுக்கு இன்னொன்றை வங்கிக்கு விற்றிருப்பீர்கள். அளவாகச் செய்தால் அது தவறில்லை, இரண்டு விலைகளுக்கு நடுவே ரேட்டை நிறுத்தி வைக்கும். ஆனால் 2007, 2008 காலத்தில் திருப்பூரில் பலர் கையெழுத்திட்டவை டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் யென்னுக்கும் இடையிலான சிக்கலான ஒப்பந்தங்கள், பனியனுக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. விற்ற பக்கத்தில் எல்லை கிடையாது, ஆகவே நஷ்டத்துக்கும் எல்லை இல்லாமல் போனது, வழக்குகள் நீதிமன்றம் வரை போயின.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். வங்கி அனுப்பும் டீல் கன்ஃபர்மேஷன் தாளில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வாங்குபவர் யார், விற்பவர் யார் என்று இரண்டு வரி இருக்கும். விற்பவர் என்ற வரியில் எங்காவது உங்கள் கம்பெனி பெயர் இருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, டாலர் பத்து ரூபாய் நகர்ந்தால் நான் எவ்வளவு கட்ட வேண்டும், இருபது நகர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாவது பதில் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், அதைக் கழிக்கும் அளவுக்கு உங்களுக்கு நிச்சயமாக டாலர் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். விற்ற தொகை வாங்கிய தொகையைவிட இரண்டு மடங்காக இருந்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்துவிடுங்கள்.

அந்த அண்ணன் இப்போது செய்வது இப்படி. பையரிடமிருந்து எல்.சி., அதாவது பணத்துக்கு அவர் வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம் வந்து, துணி நறுக்க ஆரம்பித்துவிட்ட ஆர்டர்களுக்கு ஃபார்வர்டு. அதில் அவருக்கு மார்ஜின் நான்கைந்து சதவீதம்தான், பிரீமியம் கொடுத்தால் பாதி அதிலேயே போய்விடும், பணமும் நிச்சயம், எனவே ரேட்டைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தைக்கிறார். சாம்பிள் அனுப்பி விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ஆர்டர்களில், வரும் என்று மனசு சொல்கிற பெரிய ஒன்றுக்கு மட்டும், நடப்பு ரேட்டைவிட ஒன்றரை ரூபாய் கீழே ஸ்ட்ரைக், அதாவது விற்கும் உரிமைக்கான விலை வைத்து மூன்று மாதப் புட் ஆப்ஷன் வாங்குகிறார், அந்த ஸ்ட்ரைக்குக்குப் பிரீமியமும் குறைவு. போன முறை ஆர்டர் வரவில்லை. பிரீமியத்தைச் சாம்பிள் செலவோடு சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு, "அடுத்ததுக்கு ரேட்டு கேளுங்க தம்பி" என்றார்.